குமுளி என்று தேடினால் கிடைக்க வேண்டும்

கம்பத்தில் கணக்கு எழுதும் எனக்கு, மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கால் வைத்திருக்கும் ஏலக்காய் வியாபாரிகள்தான் வாடிக்கையாளர்கள். அவர்களில் ஒருவருக்கு இங்கே குடோன், குமுளியில் கடை. அதனால் ஜிஎஸ்டி பதிவும் இரண்டு. பான் எண் ஒன்றுதான் என்பதால் இரண்டு பதிவு எண்களும் அசப்பில் ஒரே மாதிரி இருக்கும். முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்துத்தான் பிரித்தறிய வேண்டும்: 33 தமிழ்நாடு, 32 கேரளா.

2023 ஜனவரியில் அவர் கட்டப்பனையில் ஒரு வங்கியில் கடன் வரம்பைக் கூட்டக் கேட்டிருந்தார். கேரளப் பதிவின் மாதாந்தர ரிட்டர்ன்களும், 2021-22 வருமானத்துக்கான வருமான வரி ரிட்டர்னும் வேண்டும் என்றார்கள். எல்லாம் நான் எப்போதோ அனுப்பியவை. மேலாளர் முன்னால் உட்கார்ந்து செல்போனில் தேடியவர், கடைசியில் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, குமுளி என்று போட்டுத் தேடுகிறேன், ஒன்றும் வரவில்லையே."

"ஜிஎஸ்டி ரிட்டர்ன்ஸ் என்று போட்டுப் பாருங்கள் அண்ணே."

வந்தது. ஆனால் ஒரே கட்டாக வந்தது. மாதாமாதம் பழைய மடலுக்கே பதில் போடுவது என் வழக்கம். தலைப்பு மாறாததால் ஜிமெயில் அத்தனையையும் ஓர் உரையாடலாக அடுக்கி வைத்திருந்தது. இணைப்புகளுக்கு நான் பெயரே வைக்கவில்லை. தளத்திலிருந்து இறங்கிய பெயரிலேயே அனுப்பியிருந்தேன். GSTR3B, அடிக்கோடு, பதினைந்து எழுத்துப் பதிவு எண், கடைசியில் 122022 என்று மாதமும் வருடமும். சின்னத் திரையில் 32 எது, 33 எது என்று எந்தக் கண்ணுக்குத் தெரியும்? அவர் தமிழ்நாட்டு ரிட்டர்ன்களை வரிசையாக அனுப்பிவிட்டார்.

வருமான வரியில் நடந்தது இன்னும் மோசம். ITR 2021-22 என்ற கோப்பு கண்ணில் பட்டது, அனுப்பினார். நான் எழுதியிருந்தது மதிப்பீட்டு ஆண்டு. அதாவது அதற்குள் இருந்தது 2020-21 வருமானம். வங்கி அதிகாரி முதல் பக்கத்தின் மேல்மூலையைப் பார்த்ததுமே திருப்பிக் கொடுத்துவிட்டார். பிழை முழுக்க என்னுடையது. கணக்கு எழுதுகிறவர்கள் மதிப்பீட்டு ஆண்டில் பேசிப் பழகிவிட்டோம். கடைக்காரருக்கு அவர் சம்பாதித்த ஆண்டுதான் ஆண்டு.

அன்றைக்கு அவர் தட்டிய 'குமுளி' என்ற சொல் என் மடல்கள் எதிலும் இல்லை. அனுப்பும்போது என் மனதில் இருந்தது படிவத்தின் பெயர். தேடும்போது அவர் வாயில் இருந்தது கடையின் பெயர். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் புது மடல், புதுத் தலைப்பு. செல்போனில் தலைப்பின் முதல் சில சொற்கள்தான் தெரியும் என்பதால் இடம் முன்னால் வரும்.

```
குமுளி GST 2023 ஜனவரி ரிட்டர்ன்
2023-01 GSTR 3B Kumily Kerala.pdf

income 2021-22 (AY 2022-23) ITR.pdf
```

வருடத்தை முன்னால் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மாதம் முன்னால் இருந்தால், பெயர் வரிசையில் அடுக்கும்போது 2023 ஜனவரி, 2022 ஏப்ரலுக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். GSTR, 3B இரண்டுக்கும் இடையே இடைவெளி விட்டதும் வேண்டுமென்றேதான். ஜிமெயில் முழுச் சொல்லைத்தான் தேடும். ஒட்டி எழுதினால் 3B என்று தேடுகிறவருக்கு அகப்படாது. தலைப்பில் தமிழ், கோப்பில் ஆங்கிலம் என்று பிரித்தது குமுளிக் கடையின் மேலாளருக்காக. அவர் மலையாளி, தமிழ் பேசுவார், படிக்க வராது. ஆங்கிலத்தில் எழுதும்போது Kumily என்ற ஒரே எழுத்துக்கூட்டல்தான். கம்பத்தையே Cumbum என்றும் Kambam என்றும் எழுதுகிற ஊர்க்காரர்கள் நாங்கள். ஒன்றைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் தேடல் பாதியைத்தான் காட்டும். பான் எண்ணைப் பெயரில் சேர்ப்பதில்லை. கல்லாவில் கிடக்கும் செல்போனில் மடல் வந்த அறிவிப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

இதிலும் ஓட்டை இருக்கிறது. 2021-22 என்று தேடினால் இப்போதும் இரண்டு கோப்புகள் வரும், அந்த ஆண்டு வருமானமாக ஒன்றில், மதிப்பீட்டு ஆண்டாக மற்றொன்றில். முன்னால் income என்ற சொல்லோடு சேர்ந்திருப்பதை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அச்செடுத்த தாளைப் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நான் வைத்த பெயர் போய், IMG என்று தொடங்கும் ஏதோ ஒன்று வந்துவிடும். அதை நிறுத்தச் சொல்லிப் பார்த்தேன், முடியவில்லை.

போன மாதம் வங்கியில் ஏதோ கேட்டிருக்கிறார்கள். எனக்கு அழைப்பே வரவில்லை. மறுநாள்தான் தெரியும், அவரே எடுத்துக் கொடுத்துவிட்டாராம். என் கட்டண பில்லையும் இதே ஒழுங்கில்தான் பெயர் வைத்து அனுப்புகிறேன். அது மட்டும் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை என்கிறார்.