மகளின் மூன்றாம் ஆண்டு கட்டணம் எங்கே போய் நின்றது?

கல்விக் கடன் தவணை 85,000 ரூபாய். "அனுப்பிட்டோம் சார்" என்கிறது வங்கி. "வரலைங்க" என்கிறது கல்லூரி. பதினோரு நாள் இப்படியே போனது. ஹால் டிக்கெட் தரமாட்டார்களோ என்று மகள் தினமும் போனில் அழுதாள்.

முதலில் கடன் கணக்கின் ஸ்டேட்மென்ட் வாங்கினேன். 4ஆம் தேதி பற்று விழுந்திருந்தது. அப்படியென்றால் வங்கி அனுப்பியது நிஜம். அடுத்து, ஒவ்வொரு பணப் பரிமாற்றத்தையும் அடையாளம் காட்டும் யூடிஆர் எண்ணைக் கேட்டேன். நெஃப்ட்டில் போனால் அது எழுத்தும் எண்ணும் கலந்த 16 குறிகள். அதை எழுதிக்கொண்டு கல்லூரி அக்கவுன்ட்ஸ் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த அம்மா பொறுமையாகத் தேடிவிட்டு, "இந்த எண்ணில் வரவே இல்லை. எந்தக் கணக்குக்குப் போட்டாங்க?" என்றார். அந்தக் கேள்வியில்தான் விடை இருந்தது.

கல்லூரி இந்த ஆண்டு கணக்கை மாற்றியிருந்தது. புதுக் கட்டணக் கடிதத்தில் கணக்கு எண் 47 என்று முடிகிறது, வங்கி அனுப்பியதோ 12 என்று முடியும் பழைய எண்ணுக்கு. மூடிய கணக்கு என்பதால் பணம் அன்றே திரும்பிவிட்டது. ஆனால் என் கடன் கணக்கில் வரவு வைக்காமல், எங்கே சேர்ப்பது என்று முடிவாகாத பணத்தைத் தற்காலிகமாகப் போட்டு வைக்கும் கிளையின் சஸ்பென்ஸ் கணக்கில் கிடந்தது. இல்லாத பணத்துக்கு எனக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது!

மேலாளரிடம் பழைய, புதிய கட்டணக் கடிதங்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அன்று மாலையே சரியான கணக்குக்குப் போனது. 4ஆம் தேதியிட்டே வரவு வைத்து அந்த வட்டியைக் கழிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கியிருக்கிறேன்.