84 நாள் கடிகாரத்தை ஓடவிடும் கடிதம்

கான்ட்ராக்ட் வேலையில் கோபமாக எழுதிய கடிதங்களுக்குப் பஞ்சமே இல்லை. எங்கள் சைட் ஆபீஸில் அப்படி இரண்டு ஃபைல் நிறைய இருந்தன. 'கடும் ஆட்சேபத்தைப் பதிவு செய்கிறோம்', 'எங்கள் உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை' என்று பத்திக்குப் பத்தி முழங்கும், ஆனால் ஒப்பந்தப்படி பார்த்தால் அதில் ஒன்றுக்கும் எஞ்சினியர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அந்தக் கட்டாயத்தை உண்டாக்கும் கடிதம் வேறு. அப்படி ஒன்றை மேலூர்ப் பக்கம் நடந்த ஒரு சாலை அகலப்படுத்தும் வேலையில் நான் எழுதினேன்.

ஒப்பந்தம், ஆலோசனை எஞ்சினியர்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிடிக் போட்ட சிவப்புப் புத்தகம், 1987-ல் வந்த நான்காம் பதிப்பு. 1999-ல் வந்த பதிப்பில் தகராறுகளைத் தீர்க்க மூன்றாம் தரப்புக் குழு ஒன்று வந்துவிட்டது, அது வேறு கதை. பழைய பதிப்பில் எந்தத் தகராறும் முதலில் எஞ்சினியரிடம்தான் போக வேண்டும். வேலையைக் கொடுத்த எம்ப்ளாயரிடம் சம்பளம் வாங்குகிறவரே தீர்ப்பும் சொல்வதா என்று கேட்டால், ஆமாம், அப்படித்தான். பாரபட்சமில்லாமல் நடக்க வேண்டும் என்று ஒப்பந்த நிபந்தனைகளில் கிளாஸ் 2.6 அவரைக் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான்.

தகராறு பாறையைப் பற்றியது. மேலூர் வட்டாரத்துக் கல்லைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. சாலை ஓர் இடத்தில் பொத்தையைக் குடைந்து போகிறது, ஒரு பக்கம் குடியிருப்பு, தலைக்கு மேல் உயர் அழுத்த மின்கம்பி. வெடி வைக்க அனுமதி கேட்டோம், எஞ்சினியரின் ஆளாக சைட்டில் இருக்கும் ரெசிடென்ட் எஞ்சினியரே எழுத்தில் மறுத்தார், அது நியாயமும்கூட. அதனால் பிரேக்கர் போட்டுக் கொத்தித்தான் எடுத்தோம். மொத்தம் 4,200 கன மீட்டர். பில் போட்டபோது 'வெடி வைக்கத் தடையுள்ள கடினப் பாறை' என்ற இனத்தில் போட்டோம், விலை கன மீட்டருக்கு 620 ரூபாய். எஞ்சினியர் தரப்பினர் அதை அடித்துவிட்டு 'சாதாரணப் பாறை' என்று 180 ரூபாயில் சான்றளித்தார்கள். வித்தியாசம் 18,48,000 ரூபாய்.

அவர்கள் சொன்ன காரணம் வேடிக்கையானது. வெடியே வைக்கவில்லையே, அப்படியானால் வெடி தேவைப்படாத பாறைதானே என்றார்கள். கடினமான பாறை, ஆனால் ஏதோ ஒரு காரணத்தால் வெடி வைக்கக் கூடாது, உளியோ வேறு முறையோ கொண்டுதான் எடுக்க முடியும் என்ற நிலைமைக்காகவே சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பில், 301-ஆம் பிரிவில், தனியாக ஓர் இனம் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே பிரிவில் இன்னொரு வரியும் உண்டு: பாறை எந்த இனம் என்பதை எஞ்சினியரே தீர்மானிப்பார், அவர் முடிவே இறுதி, கான்ட்ராக்டரைக் கட்டுப்படுத்தும். ரெசிடென்ட் எஞ்சினியரின் மறுப்புக் கடிதம் முழுக்க இந்த ஒரு வரியில்தான் நின்றது.

இதைப் படித்ததும் எங்கள் ப்ராஜெக்ட் மேனேஜர் கொதித்துப்போனார். நான்கு பக்கத்துக்கு ஒரு வரைவைத் தட்டி என் மேசையில் போட்டார். பாறை முதல் பத்தியில் வந்தது, அப்புறம் நிலம் ஒப்படைக்கத் தாமதம், மின்கம்பம் மாற்றாதது, பில் பணம் இழுத்தடிப்பது, சைட் இன்ஸ்பெக்டர் மரியாதையில்லாமல் பேசியது என்று எல்லாம் வந்தது. கடைசியில் 'எனவே தாங்கள் இவ்விஷயத்தை மறுபரிசீலனை செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்று முடித்திருந்தார்.

"சார், இந்தக் கடைசி வரிதான் நம்மளக் கவுத்துரும்" என்றேன்.

"ஏந் தம்பி, மரியாதையாத்தானே கேட்டிருக்கேன்?"

மரியாதையில் குறையில்லை. ஆனால் மறுபரிசீலனை என்று கேட்டால் அது கிளாஸ் 2.3-க்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ரெசிடென்ட் எஞ்சினியர் சொன்னதை ஒத்துக்கொள்ளாத கான்ட்ராக்டர் அதை எஞ்சினியரிடம் கொண்டு போகலாம், அவர் அதை உறுதி செய்வார், ரத்து செய்வார் அல்லது மாற்றுவார் என்கிறது அது. எப்போது என்று கெடு எதுவும் அதில் இல்லை. 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி எழுதிவிட்டு அவர் ஆண்டுக்கணக்கில் சும்மா இருக்கலாம். கிளாஸ் 67.1 அப்படியில்லை. கடிதம் கையில் கிடைத்த 84-ஆம் நாளுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டாலும் நமக்கு மத்தியஸ்தம் என்ற அடுத்த கதவு திறக்கும். ஆனால் அந்தக் கிளாஸின் கீழ் அனுப்புகிறோம் என்று கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், ஒப்பந்தமே அப்படிக் கேட்கிறது. இதை விட்டுவிட்டுப் பத்துப் பக்கம் வாதாடியும் பிரயோஜனமில்லை.

நான் எழுதியது ஒன்றரைப் பக்கம் வந்தது. பொருள் வரியிலேயே 'கிளாஸ் 67.1-ன் கீழ் தகராறு, எஞ்சினியரின் முடிவு கோரப்படுகிறது' என்று போட்டு, முதல் பத்தியில் அதையே திரும்பவும் சொன்னேன். அடுத்து தகராறு உருவான வரலாறு, தேதி வாரியாக, அலங்காரமில்லாமல்: வெடி அனுமதி மறுத்த கடிதம், கிளாஸ் 53.1 சொல்கிற 28 நாளுக்குள் நாங்கள் கொடுத்த நோட்டீஸ், எங்கள் கணக்கு, அவர்கள் மறுத்த கடிதம். மறுத்த கடிதம் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். ஒரு பக்கம் கேட்டு மறு பக்கம் மறுத்தால்தான் தகராறு. மறுப்பே வராமல் ஓடிப்போய் 67-ஐப் பிடித்தால், 'தகராறே இல்லை, இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்' என்று சுலபமாகத் தள்ளிவிடுவார்கள்.

பிறகு அந்த 'இறுதி முடிவு' வரி. அதைக் கண்டும் காணாமல் போகக் கூடாது என்று நினைத்தேன், எதிராளி முதலில் கையில் எடுப்பது அதைத்தான். கிளாஸ் 67.1 தன் வரம்புக்குள் வருவதைச் சொல்லும்போது எஞ்சினியரின் கருத்து, உத்தரவு, தீர்மானம், சான்று, மதிப்பீடு எல்லாவற்றைப் பற்றிய தகராறையும் சேர்த்தே சொல்கிறது. இன்னொன்று, ஆவணங்களுக்குள் முரண் வந்தால் எது மேலே என்பதற்கு கிளாஸ் 5.2-ல் ஒரு வரிசை இருக்கிறது, அதில் ஒப்பந்த நிபந்தனைகள் விவரக்குறிப்புக்கு மேலே நிற்கின்றன. இந்த இரண்டையும் இரண்டு வாக்கியத்தில் எழுதினேன். இது எல்லா ஒப்பந்தத்திலும் செல்லும் என்று நினைத்துவிட வேண்டாம். நம் ஊர் அரசு ஒப்பந்தங்கள் பலவற்றில் இன்னின்ன விஷயங்கள் மத்தியஸ்தத்துக்கே போகாது என்று நிபந்தனைகளிலேயே விலக்கி வைத்திருப்பார்கள், அங்கே இந்த வாதம் நிற்காது. சிறப்பு நிபந்தனைகள் அடங்கிய இரண்டாம் பாகத்தைப் படித்துப் பார்க்காமல் இந்த மாதிரிக் கடிதத்தில் கை வைக்கக் கூடாது.

எனக்கு அதிக நேரம் பிடித்தது கேள்விதான். 'நியாயம் வழங்குங்கள்' என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று ஊகிக்கலாம். அதனால் இப்படி எழுதினேன்: சாலையில் இன்ன சங்கிலித் தூரம் முதல் இன்ன சங்கிலித் தூரம் வரை தோண்டிய 4,200 கன மீட்டர் பாறை 'வெடி வைக்கத் தடையுள்ள கடினப் பாறை' இனத்தைச் சேர்ந்தது என்றும், அதற்கு 620 ரூபாய் விலை பொருந்தும் என்றும், வித்தியாசமான 18,48,000 ரூபாய் அடுத்த சான்றில் சேர்க்கப்பட வேண்டும் என்றும் முடிவு தருக. ஆமாம் என்றோ இல்லை என்றோ தவிர வேறு மாதிரி பதில் சொல்ல இடமில்லாதபடி இருக்க வேண்டும். நிலம், கம்பம், மரியாதை எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மேனேஜருக்கு மனத்தாங்கல்தான். அவை ஒவ்வொன்றும் அதற்குரிய மறுப்பு வந்த பிறகு தனிக் கடிதமாகப் போகட்டும் என்றேன்.

யாருக்கு அனுப்புவது என்பதிலும் வழுக்கும். தினமும் முகம் பார்ப்பது ரெசிடென்ட் எஞ்சினியரைத்தான், கை பழக்கத்தில் அவர் பெயருக்கே போய்விடும். ஆனால் முடிவு சொல்ல வேண்டியவர் ஒப்பந்தத்தில் பெயர் போட்டிருக்கும் எஞ்சினியர், எங்கள் விஷயத்தில் சென்னையில் இருந்த ஆலோசனை நிறுவனம். இரண்டாம் பாகத்தில் கொடுத்திருந்த முகவரிக்கு ஆளையே அனுப்பி, நகலில் முத்திரையும் உள்வரவு எண்ணும் தேதியும் வாங்கினோம், எம்ப்ளாயருக்கும் அதே நாளில் நகல். 1987 புத்தகத்தில் டெலக்ஸ், தந்தி எல்லாம் இருக்கிறது, மின்னஞ்சல் கிடையாது. முத்திரையில் இருந்த தேதி மார்ச் 6.

மார்ச் 6-ல் இருந்து 84-ஆம் நாள் மே 29. அன்றைக்குள் முடிவு வராவிட்டால் அதிலிருந்து 70-ஆம் நாள், ஆகஸ்ட் 7-க்குள், மத்தியஸ்தத்துக்குப் போகும் எண்ணத்தை எம்ப்ளாயருக்கு எழுதி எஞ்சினியருக்கு நகல் கொடுக்க வேண்டும். முடிவு வந்தால் அது கிடைத்த நாளிலிருந்து 70 நாள். முடிவு வந்து அதைச் சும்மா விட்டால் அதுவே இறுதி, இந்த முறை நிஜமாகவே இறுதி. இந்தத் தேதிகளைச் சுவர்க் காலண்டரில் சிவப்பு மையில் வட்டமிட்டேன், எனக்கு செல்போன் நினைவூட்டலில் நம்பிக்கை கிடையாது. இதற்கிடையில் வேலையை நிறுத்தக் கூடாது. தகராறில் இருக்கும்போதும் மும்முரமாக வேலையைத் தொடர வேண்டும் என்று அதே கிளாஸ் சொல்கிறது. பிரேக்கரை ஓரங்கட்டிவிட்டுப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை கிளம்பியது, நல்லவேளை, கிளம்பிய இடத்திலேயே அடங்கிவிட்டது.

ஏப்ரலில் ஒரு கடிதம் வந்தது. வகைப்பாட்டில் மாற்றமில்லை என்று இரண்டே வரி, கிளாஸ் எண் இல்லை. எஞ்சினியரின் முடிவும் 67-ன் கீழ் தரப்படுகிறது என்று சொல்ல வேண்டும், ஆகவே இது முடிவே அல்ல என்று வாதாடலாம். ஆனால் அந்த வாதத்தில் தோற்றால் 70 நாள் கடந்து போயிருக்கும். இந்த மாதிரி ரெண்டுங்கெட்டான் கடிதம் வந்தால் நான் செய்வது, அதையே முடிவாக வைத்து முந்தி வரும் கெடுவைக் காலண்டரில் குறித்துக்கொள்வது, அதே சமயம் 'இது கிளாஸ் 67.1 முடிவா என்று தெளிவுபடுத்தவும்' என்று உடனே எழுதுவது. அப்படி எழுதியதற்குப் பதிலாகத்தான் மே 27 அன்று உண்மையான முடிவு கைக்கு வந்தது.

பெரும்பகுதி எங்களுக்கு. இரு தரப்பும் கையெழுத்திட்ட மட்டக் கணக்கும், பிரேக்கர் ஓடிய மணிக்கணக்குப் பதிவேடும், தேய்ந்த உளிகளை மாற்றிய கணக்கும், போட்டோவும் இருந்த 2,900 கன மீட்டருக்குக் கடினப் பாறை விலை. மீதி 1,300-க்கு அவர்கள் ஆள் மட்டம் பார்க்க வரவில்லை, நாங்கள் மட்டுமே எடுத்த அளவு இருந்தது, அதை ஏற்கவில்லை. அழைத்த கடிதங்கள் எங்களிடம் இருந்தன, ஆனால் அவற்றை இந்த ஒன்றரைப் பக்கத்தோடு இணைக்கவில்லை. மத்தியஸ்தத்தில் எஞ்சினியர் முன் வைத்ததை மட்டுமே வைக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு கிடையாது, புது ஆதாரமும் வைக்கலாம் என்பதால் கதவு மூடவில்லை.

70-ஆம் நாள் ஆகஸ்ட் 5. ஜூலையிலேயே அந்த 1,300-க்கு மட்டும் மத்தியஸ்த நோட்டீஸ் கொடுத்தோம். நோட்டீஸுக்குப் பிறகு சமரசத்துக்கென்று ஒப்பந்தம் 56 நாள் தருகிறது. அதில் எம்ப்ளாயர் ஆபீஸில் உட்கார்ந்து, அழைப்புக் கடிதங்களை மேசையில் வரிசையாக வைத்து, 800 கன மீட்டருக்கு ஒத்துக்கொண்டோம். 3,700 கன மீட்டருக்கு 440 ரூபாய் வீதம் 16,28,000 ரூபாய், அடுத்த பில்லில் வந்தது.