நோட்டீஸ் 21 நாள், கோரம் ஆறு பேர்: இரண்டு கணக்குமே தப்பு

"தபால்ல போட்டு இருபத்தோரு நாள் ஆச்சு, ஆறு பேர் வந்தாச்சு, இனி என்ன, ஆச்சி?" என்று எங்கள் கம்பெனி வேலையைப் பார்க்கும் கணக்கர் கேட்டபோது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்தக் கூட்டத்தில்தான் என்னை டைரக்டராகப் போட்டார்கள். ஆகஸ்டில் அந்தக் கூட்டம் செல்லாது என்று பங்காளி அண்ணன் ஒருவரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகு பார்த்தால், இருபத்தொன்றும் இல்லை, ஆறும் இல்லை.

எங்களுடையது காரைக்குடியில் பதிவு அலுவலகம் உள்ள சின்ன பிரைவேட் லிமிடெட். ஊரில் ஒரு வாடகைக் கட்டடம், தேவகோட்டையில் ஒரு குடோன். மொத்தம் 10,000 பங்கு, பதிவேட்டில் ஏழு பெயர். டைரக்டர்கள் என் அப்பாவான அப்பச்சியும் அவர் அண்ணன் பெரியப்பச்சியும். அப்பச்சி தவறியதும் பெரியப்பச்சி ஒருவர்தான் மிச்சம். போர்டு நடக்கக் குறைந்தது இருவர் வேண்டும். ஆனாலும், மிஞ்சிய ஒருவர் பொதுக்கூட்டத்தைக் கூட்டலாம் என்று 2013 கம்பெனிச் சட்டத்தின் 174ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆக, கூட்டியவர் யார் என்பதில் சிக்கல் இல்லை. டைரக்டரை நியமிக்கச் சாதாரணத் தீர்மானம் போதும். ஆதரவு வாக்கு எதிர்ப்பைவிட ஒன்று கூடுதலாக இருந்தால் நிறைவேறிவிடும். சிக்கலெல்லாம் அதற்கு முந்தைய படிகளில்.

முதலில் நாள் கணக்கு. நோட்டீஸ் 2025 மே 24 சனிக்கிழமை தபாலில் போனது. கூட்டம் ஜூன் 14. கணக்கர் காலண்டரில் விரல் வைத்து எண்ணி 21 என்றார். சட்டம் கேட்பது முழு 21 நாள்: நோட்டீஸ் போய்ச் சேர்ந்த நாளும் சேராது, கூட்ட நாளும் சேராது. மெட்ராஸ் ரேஸ் கிளப் மீது போட்ட வழக்கில் (நாகப்ப செட்டியார் வழக்கு, 1949) சென்னை உயர் நீதிமன்றம் இப்படித்தான் எண்ணச் சொன்னது. இன்னொன்று, தபாலில் போட்ட கூட்ட நோட்டீஸ் 48 மணி நேரம் கழித்துத்தான் சேர்ந்ததாகக் கொள்ளப்படும். அதாவது மே 26. எண்ண வேண்டியது மே 27 முதல் ஜூன் 13 வரை. பதினெட்டு நாள்தான் தேறுகிறது. ஜூன் 17க்கு முன்னால் அந்தக் கூட்டத்தை வைத்திருக்கவே கூடாது.

பிரைவேட் கம்பெனிக்கு இதில் ஒரு சலுகை உண்டு என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். 2015 அறிவிக்கைப்படி, கம்பெனியின் உள்விதிகளான ஆர்ட்டிக்கிள்ஸில் ஏழு நாள், பத்து நாள் என்று எழுதிக்கொண்டால் அதுவே செல்லும். ஆண்டுக் கணக்கும் ஆண்டறிக்கையும் பாக்கியில்லாமல் தாக்கல் செய்திருக்க வேண்டும் என்பது 2017இல் சேர்ந்த நிபந்தனை. எங்கள் ஆர்ட்டிக்கிள்ஸ் நோட்டீஸ் நாளைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனவே சட்டத்தின் 21தான். உறுப்பினர்களிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக் குறுகிய நோட்டீஸில் நடத்தியிருக்கலாமே என்றால், அதற்கு எண்ணிக்கையில் பெரும்பான்மையோடு வாக்குரிமைப் பங்கில் 95 விழுக்காடும் வேண்டும். வழக்குப் போடுவேன் என்ற பங்காளி அண்ணன் கையில் மட்டும் 1,000 பங்கு, பத்து விழுக்காடு. அவர் இல்லாமல் 95 எங்கிருந்து வரும்?

அந்த அண்ணனுக்கு நோட்டீஸே போகவில்லை என்பதுதான் பெரிய ஓட்டை. அவர் தன் பங்கைப் பெரியப்பச்சிக்கு விற்பதாக ஒப்பந்தம் போட்டு முன்பணமும் வாங்கியிருந்தார். மாற்றுப் பத்திரம் பதிவாகவில்லை, பதிவேட்டில் பெயர் அப்படியே நிற்கிறது. "அவர்தான் வித்துட்டாரே" என்று கணக்கர் உறையே எழுதவில்லை. சட்டத்தில், தற்செயலாக ஒருவருக்கு நோட்டீஸ் விட்டுப்போனால் கூட்டம் கெடாது என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் கணக்கர் எங்களுக்குத் தைரியம் சொன்னார்.

மதுரையில் ஒரு கம்பெனி செகரட்டரி அம்மாவைப் பார்த்தேன். அவர் காகிதங்களைப் பிரிக்கும் முன்பே கேட்ட கேள்வி: "மறந்து விட்டதா, வேணும்னு விட்டதா?" வேண்டுமென்று என்றால் பகை இருக்க வேண்டியதில்லையாம், இவர் உறுப்பினர் இல்லை என்று நினைத்து விட்டாலும் அது வேண்டுமென்று விட்டதுதான். இங்கிலாந்தில் மசல்வைட் என்றொரு குடும்பக் கம்பெனியில் அச்சு அசலாக இதே கதை. பங்கை விற்க ஒப்பந்தம் போட்டு, பதிவேட்டில் பெயர் மாறாத உறுப்பினர்களுக்கு நோட்டீஸ் போகவில்லை. அது சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டது, தற்செயல் ஆகாது, கூட்டம் செல்லாது என்று 1962இல் தீர்ப்பு. அதே காலத்து இன்னொரு வழக்கில் முகவரி அச்சுத் தகடுகள் சில தவறிப்போய் நோட்டீஸ் விடுபட்டது; அதைத் தற்செயல் என்று ஏற்றார்கள். உறை எழுதும்போது யாராவது யோசித்து ஒரு பெயரை ஒதுக்கினார்களா என்று பார்த்தால் போதும், எந்தப் பக்கம் விழும் என்று தெரிந்துவிடும்.

அப்புறம் கோரம், அதாவது கூட்டம் செல்ல நேரில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆள் கணக்கு. பிரைவேட் கம்பெனிக்குச் சட்டப்படி இரண்டு உறுப்பினர் நேரில் இருந்தால் போதும். ஆர்ட்டிக்கிள்ஸ் அதைக் கூட்டிச் சொன்னால் அதுதான் கணக்கு. ஐயா காலத்து ஆர்ட்டிக்கிள்ஸில் ஐந்து என்று இருக்கிறது. வீட்டு முகப்பில் ஜமக்காளம் விரித்து நடந்த கூட்டத்தில் வருகைத்தாளில் ஆறு கையெழுத்து. பெரியப்பச்சி, அவர் மகன், அத்தை, நான், ஆத்தா, ஆறாவதாகக் கணக்கரே. பினாங்கில் இருக்கும் சித்தப்பா தனக்குப் பதிலாக ஓட்டுப் போடக் கொடுத்த பிராக்சி கணக்கர் பெயரில் இருந்தது, அதனால் தன்னையும் எண்ணிக்கொண்டார்! பிராக்சி கோரத்தில் சேராது. கை தூக்குவதை விட்டுப் பங்குக் கணக்கில் வாக்கெடுப்பு கேட்டால் ஓட்டுப் போடலாம், அவ்வளவுதான். அவர் கணக்கிலிருந்து கழிந்தார். ஆத்தா அப்பச்சியின் வாரிசு. இறந்த உறுப்பினரின் வாரிசுக்கு நோட்டீஸ் கட்டாயம் போக வேண்டும், ஆனால் பங்கு அவர் பெயரில் பதிவாகும்வரை அவர் உறுப்பினர் இல்லை. அவரும் கழிந்தார். மிச்சம் நாலு.

இதில் எரிச்சலான விஷயம், அரை மணி நேரம் பார்த்துவிட்டு அன்றே கலைந்திருந்தால் கூட்டம் தானாக அடுத்த சனிக்கிழமைக்கு, அதே நேரம், அதே இடம் என்று தள்ளிப்போயிருக்கும். மூன்று நாள் முன்பு உறுப்பினர்களுக்குத் தெரிவித்துவிட்டு மறுபடி கூடினால், அன்றைக்கும் அரை மணி நேரத்தில் ஐந்து பேர் சேராவிட்டால் வந்தவர்களே கோரம். நாலு பேரே போதும். ஆனால் தள்ளிவைத்த கூட்டம் பழைய கூட்டத்தின் தொடர்ச்சிதான் என்பதால் அண்ணனுக்கு நோட்டீஸ் போகாத குறை அங்கேயும் கூடவே வந்திருக்கும்.

"அவர் வந்திருந்தாலும் ஆயிரம் பங்குதானே, நமக்கு 6,500 இருக்கே" என்று பெரியப்பச்சி விடவில்லை. செகரட்டரி அம்மா அதற்குப் பொறுமையாகப் பதில் சொன்னார்: "ஐயா, எத்தனை ஓட்டுங்கறது கூட்டம் ஒழுங்காக் கூடின பிறகு வர்ற கேள்வி. அவர் வந்து பேசி நாலு பேர் மனசை மாத்தியிருக்கலாம், அந்த உரிமையைத்தான் நாம பறிச்சிருக்கோம்." மூன்று குறையும் ஒரே கனம் இல்லை என்றும் சொன்னார். நாள் குறைவு மட்டும் என்றால், வந்து தடை சொல்லாமல் ஓட்டுப் போட்டவர் பிறகு அதைக் கிளப்புவது கஷ்டம். ஓர் உறுப்பினரை ஒதுக்கியதும் கோரம் இல்லாததும் அப்படிப் பேசித் தாண்டக்கூடியவை அல்ல. சென்னையில் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் வரை போனால் தோற்கும் என்றே சொல்லிவிட்டார். பத்து விழுக்காடு வைத்திருப்பவர் ஒடுக்குமுறை மனு போடவும் தகுதி உண்டு.

டைரக்டர் நியமனத்தைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் டி.ஐ.ஆர்-12 படிவம் ஏற்கப்பட்டு அமைச்சகத் தளத்தில் என் பெயர் டைரக்டராக வந்துவிட்டது, அதனால் எல்லாம் சரி என்று நாங்கள் இருந்தோம். பதிவாளர் படிவத்தை ஏற்பதால் செல்லாத தீர்மானம் செல்லுபடி ஆகாது. நான் கேட்ட ஒரே நல்ல செய்தி 176ஆம் பிரிவு: நியமனம் பிசகு என்று பின்னால் தெரிந்தாலும் அதற்கு முன் டைரக்டராகச் செய்த காரியம் செல்லும். ஜூலையில் கட்டடத்துக்கு நான் கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தம் பிழைத்தது. பிசகு கம்பெனிக்குத் தெரிந்த பிறகு போடும் கையெழுத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆகவே வக்கீல் நோட்டீஸ் வந்த அன்றே பேனாவை மூடிவிட்டேன். இதை மட்டும் யாரும் தள்ளிப்போடாதீர்கள்.

மறு கூட்டத்துக்கு நோட்டீஸ் ஆகஸ்ட் 25 ஸ்பீட் போஸ்டில் போனது. சேர்ந்ததாகக் கொள்வது 27, முழு 21 நாள் முடிவது செப்டம்பர் 17, கூட்டம் 20ஆம் தேதி சனிக்கிழமை. இந்த முறை உறையைப் பதிவேட்டைப் பார்த்து நானே எழுதினேன். பங்காளி அண்ணனுக்கு ஒன்று, ஆத்தாவுக்கு வாரிசு என்ற முறையில் ஒன்று, ஆடிட்டருக்கு ஒன்று. தபால் ரசீதுகள் பத்திரமாக இருக்கின்றன.

கோரம்தான் கவலையாக இருந்தது. ஆத்தாவை முதலில் உறுப்பினராக்கிவிடலாம் என்று பார்த்தால், பங்கை அவர் பெயருக்கு மாற்ற போர்டு வேண்டும். தனியாக நிற்கும் டைரக்டர், டைரக்டர்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம், பொதுக்கூட்டம் அழைக்கலாம். வேறெதுவும் செய்யக் கூடாது. போர்டு வேண்டுமென்றால் நான் டைரக்டராக வேண்டும், அதற்கு ஐந்து பேர் வேண்டும். சித்தப்பாவுக்குப் பினாங்கிலிருந்து வர முடியாத நேரம், திரும்பவும் பிராக்சிதான். அதைக் கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்பே வாங்கி வைத்தோம். ஐந்து சேராவிட்டால் 27ஆம் தேதிக்குத் தள்ளி நாலு பேரோடு முடிப்பது என்று முடிவு செய்திருந்தோம்.

பத்து நிமிடம் தாமதமாக அண்ணன் வந்தார். எதிர்க்கத்தான் வந்தார். வருகைத்தாளில் அவர் கையெழுத்திட்டதும் செகரட்டரி அம்மா என்னைப் பார்த்து ஐந்து விரலைக் காட்டினார். எதிர்த்து ஓட்டுப் போட வந்தவரும் கோரத்தில் ஓர் ஆள்தானே! கை தூக்கியதில் நாலுக்கு ஒன்று. அவர் வாக்கெடுப்பு கேட்டார். பத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவர் கேட்டால் நடத்தியாக வேண்டும். பிராக்சியும் சேர்ந்து ஆதரவு 6,500, எதிர்ப்பு 1,000. அப்பச்சியின் 2,500 யார் பக்கமும் எண்ணப்படவில்லை. இந்தக் கணக்கு முழுவதும் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறியிருக்கிறது.

புதிய போர்டின் முதல் வேலையாக ஆத்தா பெயருக்குப் பங்கை மாற்றினோம். அதில் ஒரு தடங்கலும் இல்லை. ஜூன் 14 தேதியோடு பதிவாளரிடம் ஏறிவிட்ட பழைய படிவத்தைச் சரிசெய்யும் வேலைதான் இன்னும் இழுக்கிறது. அதற்கான கட்டணத்தைக் கணக்கர் தன் பில்லில் சேர்த்து அனுப்பியிருந்தார். திருப்பி அனுப்பிவிட்டேன்.