ஹாட் பிரேக், கோல்ட் பிரேக்: மூன்று பாத்திரங்களில் தக்காளிப் பேஸ்ட்

பழம், காய்கறித் தொழில்நுட்பத் தாளுக்குப் படிக்கும்போது தக்காளிப் பாடத்தில் ஓர் அட்டவணை வரும். ஹாட் பிரேக் என்றால் நசுக்கும் தக்காளியைச் சூடாக்கும் வெப்பம் ஏறத்தாழ 85 முதல் 95 டிகிரி செல்சியஸ், கெட்டியான பேஸ்ட். கோல்ட் பிரேக் என்றால் 60 முதல் 70 டிகிரி, நீர்த்த பேஸ்ட், நல்ல மணம். இதை மனப்பாடம் செய்வது எளிது. ஆனால் இரண்டு பேஸ்ட்டும் ஒரே பிரிக்ஸ் அளவில், அதாவது கரைந்த திடப்பொருளின் ஒரே சதவீதத்தில், இருக்கும்போது ஒன்று ஏன் நிற்கிறது, மற்றொன்று ஏன் ஓடுகிறது என்று கேட்டால் அட்டவணை பதில் சொல்லாது. அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் வீட்டுச் சமையலறையில் இதைச் செய்தேன்.

நன்றாகப் பழுத்த பெங்களூர் தக்காளி ஒன்பது கிலோ வாங்கி, கலந்து, மூன்று மூன்று கிலோவாகப் பிரித்துக்கொண்டேன். நாட்டுத் தக்காளியில் சாறும் விதையும் அதிகம், சதை குறைவு. பேஸ்ட்டுக்குச் சதைப்பற்றுள்ள பழமே ஏற்றது. கருவிகள் என்று பார்த்தால் ஒரு வெப்பமானி, பிரிக்ஸை அளக்கும் கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர், எடைத் தராசு, நுண்ணிய எஃகுச் சல்லடை, ஒரு கண்ணாடித் தட்டு. அவ்வளவே.

செய்முறைக்கு முன் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பழம் முழுதாக இருக்கும்வரை செல் சுவரில் உள்ள பெக்டின் பெரும்பாலும் பத்திரமாக இருக்கிறது. நசுக்கிய கணத்தில் இரண்டு நொதிகள் வேலையைத் தொடங்குகின்றன. முதலாவது பெக்டின் மெத்தில் எஸ்டெரேஸ். இது பெக்டின் சங்கிலியிலிருந்து மெத்தில் தொகுதிகளைக் கழற்றுகிறது. அதில் மெத்தனால் வெளிவருகிறது. இது மட்டும் நடந்தால் பெரிய நட்டம் இல்லை. டப்பாவில் அடைக்கும் தக்காளித் துண்டுகள் உறுதியாக இருப்பதற்கு, இதே நொதியைக் கால்சியத்தோடு சேர்த்துப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். சிக்கல் இரண்டாவது நொதியால் வருகிறது. பாலிகேலக்டுரோனேஸ், மெத்தில் கழன்ற இடங்களைத் தேடிப் பிடித்துச் சங்கிலியையே துண்டாக்குகிறது. நீளமான சங்கிலிதான் நீரைப் பிடித்துவைக்கும். அது துண்டானபின் கூழில் கெட்டித்தன்மை மிஞ்சுவதில்லை.

இரண்டும் 55 முதல் 65 டிகிரிப் பகுதியில் மிகச் சுறுசுறுப்பாக இருக்கின்றன. பாலிகேலக்டுரோனேஸில் இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று எளிதில் செயலிழக்கும், மற்றொன்று 90 டிகிரியை நெருங்கும்வரை தாக்குப்பிடிக்கும். ஹாட் பிரேக்குக்கு அவ்வளவு உயர்ந்த வெப்பம் கேட்பது இதனால்தான்.

இங்கே ஒரு கேள்வி எழுந்தது. முடிவில் 92 டிகிரியைத் தொட்டால் போதுமா, அல்லது எவ்வளவு வேகமாகத் தொடுகிறோம் என்பதும் முக்கியமா? மூன்றாவது பாத்திரத்தை இதற்காகவே ஒதுக்கினேன்.

முதல் பாத்திரம் ஹாட் பிரேக். சிறிதளவு தக்காளிக் கூழை முன்கூட்டியே கொதிநிலையில் வைத்துக்கொண்டு, நறுக்கிய தக்காளியைக் கைப்பிடி கைப்பிடியாக அதில் போட்டு மசித்தேன். வெப்பம் 85க்குக் கீழே இறங்காதபடி பார்த்துக்கொள்வதுதான் இதில் உள்ள ஒரே வேலை. ஆலையிலும் இதே தத்துவம்தான்: சூடான சாறு பெருமளவில் சுற்றிவந்துகொண்டே இருக்கும், புதிதாக நறுக்கிய தக்காளி அதற்குள் விழும், விழுந்த சில நொடிகளில் நொதியின் விருப்பப் பகுதியைக் கடந்துவிடும். எல்லாம் சேர்ந்தபின் 92 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்தேன்.

இரண்டாவது பாத்திரம் கோல்ட் பிரேக். பச்சையாகவே மிக்சியில் அரைத்து, 62 டிகிரிக்குச் சூடாக்கி, கால் மணி நேரம் அங்கேயே நிறுத்தினேன். மூன்றாவதையும் பச்சையாகவே அரைத்து, மிகச் சிறு தீயில் ஏற்றினேன். 92 டிகிரி எட்ட முக்கால் மணி நேரம் ஆனது. அங்கே அதற்கும் அதே ஐந்து நிமிடம்.

சல்லடையில் வடிக்கும்போதே வேறுபாடு தெரிந்தது. ஹாட் பிரேக் கூழைக் கரண்டியால் அழுத்தித் தேய்க்க வேண்டியிருந்தது. கோல்ட் பிரேக் கூழ் ரசம்போல இறங்கியது. மேலே தெளிந்த மஞ்சள் நீர் பிரிந்து நின்றது. மூக்குக்கும் வேறுபாடு தெரிந்தது. கோல்ட் பிரேக்கில் அப்போதுதான் அறுத்த தக்காளியின் பச்சை மணம் இருந்தது. நசுக்கியபின் லிப்பாக்சிஜனேஸ் என்ற நொதி கொழுப்பு அமிலங்களிலிருந்து ஹெக்சனால் போன்ற மணப்பொருள்களை உண்டாக்குகிறது. ஹாட் பிரேக் அந்த நொதியையும் சேர்த்தே நிறுத்திவிடுகிறது. அதனால் அதில் வருவது வெந்த தக்காளியின் மணம்.

கரைந்த திடப்பொருளை அளந்தால் மூன்றும் ஏறத்தாழ ஒன்றுதான். கொதிக்கும்போது போன நீரைத் தராசில் பார்த்து ஈடுசெய்தபின், ஒவ்வொன்றும் இரண்டரைக் கிலோ சாறு, 4.6 பிரிக்ஸ். ரிஃப்ராக்டோமீட்டரில் சூடான துளியை வைத்தால் அளவு குறைவாகக் காட்டும். ஆறவைத்து, துணியில் வடித்த தெளிநீரைத்தான் வைக்க வேண்டும். பிரிக்ஸ் சொல்வது சர்க்கரை, அமிலம் போன்ற கரைந்த பொருள்களின் அளவை. நாரும் செல் சுவரும் அதில் வராது, பெக்டின் சங்கிலியின் நீளத்தை அது அறியவே அறியாது.

அடுத்தது செறிவாக்கல். தேர்வில் நிச்சயம் கணக்கு வரும் இடம் இது. 2.5 கிலோவில் 4.6 சதவீதம் என்றால் 115 கிராம் திடப்பொருள். அது போகாது, நீர்தான் போகும். 28 பிரிக்ஸ் வேண்டுமென்றால் 115 ஐ 0.28 ஆல் வகுக்க வேண்டும்: ஏறத்தாழ 411 கிராம் பேஸ்ட். ஆவியாக வேண்டிய நீர் 2,089 கிராம். கரையாத நாரைத் தனியே கணக்கில் எடுக்காததால் இது தோராயமே. வினாவில் மொத்தத் திடப்பொருள் என்று கொடுத்திருந்தால் அந்த எண்ணையே எடுக்க வேண்டும்.

கணக்கில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. 14 பிரிக்ஸை எட்டும்போது பாத்திரத்தில் 821 கிராம் இருக்கும். அதாவது போக வேண்டிய நீரில் ஐந்தில் நான்கு பங்கு அதற்குள் போய்விட்டது. மீதமுள்ள 410 கிராம் நீரை எடுப்பதுதான் கடினம். கூழ் கெட்டியாகிவிட்டதால் வெப்பம் உள்ளே பரவாது, அடியில் பிடிக்கும், தெறிக்கும், நிறம் பழுப்பாகும். 14 வரை அகலமான பாத்திரத்தில் நேரடியாகவும், அதற்குமேல் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்தும் கிளறினேன். ஆலையில் வெற்றிடம் கொடுத்து நூறு டிகிரிக்கு வெகு கீழேயே நீரை ஆவியாக்குவார்கள். வீட்டில் அது இயலாது. ஆகவே என் பேஸ்ட்டின் நிறத்தை வைத்து எந்த முறை சிறந்தது என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். நீண்ட கொதிப்பின் பழுப்பு மூன்றிலும் ஏறியிருந்தது.

கெட்டித்தன்மையை அளக்கத் தொழிலில் பயன்படுவது பாஸ்ட்விக் கருவி. பேஸ்ட்டை 12 பிரிக்ஸுக்கு நீர்த்து, 20 டிகிரி வெப்பத்தில், ஒரு தொட்டியின் கதவைத் திறந்துவிட்டு, 30 நொடியில் எத்தனை சென்டிமீட்டர் ஓடுகிறது என்று பார்ப்பார்கள். எண் சிறியதாக இருந்தால் கூழ் கெட்டி. என்னிடம் அந்தக் கருவி இல்லை. அதனால் ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள எஃகு வளையத்தைக் கண்ணாடித் தட்டில் வைத்து நிரப்பி, சட்டென்று தூக்கி, 30 நொடியில் பரவிய ஆரத்தைக் கீழே வைத்த வரைபடத் தாளில் பார்த்தேன். இது பாஸ்ட்விக் எண் ஆகாது. ஒப்பிட மட்டுமே உதவும். நீர்த்தலுக்கும் ஒரு சிறு கணக்கு: 28 பிரிக்ஸ் பேஸ்ட் 100 கிராமை 12க்குக் கொண்டுவர மொத்த எடை 233 கிராம் ஆக வேண்டும், எனவே நீர் 133 கிராம்.

தொடக்க ஆரம் இரண்டரை சென்டிமீட்டர். ஹாட் பிரேக் நான்கு வரை பரவி நின்றது. கோல்ட் பிரேக் ஆறரையைத் தாண்டியது. கூழைச் சுற்றி நீர் வளையம் தனியாகப் பிரிந்தது. மூன்றாவது பாத்திரம் ஆறுக்குச் சற்றுக் குறைவு. முடிவு வெப்பம் ஹாட் பிரேக்கினுடையது, பேஸ்ட்டோ கோல்ட் பிரேக்கைப் போல! 55 முதல் 65 வரையிலான பகுதியில் மெல்ல ஏறிய அந்த நேரத்துக்குள் சங்கிலிகள் வெட்டப்பட்டுவிட்டன. அதன்பின் 92 டிகிரி வந்து நொதியைக் கொன்றாலும் வெட்டியது ஒட்டாது. "வெப்பநிலை" என்று மட்டும் எழுதும் விடை பாதி விடைதான். "உடனடியாக" என்ற சொல்லும் அதில் இருக்க வேண்டும்.

ஹாட் பிரேக் பேஸ்ட்டில் இன்னொரு சோதனையும் செய்தேன். அதையே நீர் சேர்த்து 4.6 பிரிக்ஸுக்குக் கொண்டுவந்து, எடுத்துவைத்திருந்த பழைய சாற்றோடு ஒப்பிட்டேன். நீர்த்தது தெளிவாகவே மெலிந்திருந்தது. செறிவாகும்போது செல் சுவர்கள் நசுங்கிச் சுருங்குகின்றன, பெக்டினும் வெப்பத்தால் சிதைகிறது. நீரைத் திருப்பிக் கொடுத்தாலும் பழைய அளவுக்கு ஊறுவதில்லை. வெவ்வேறு பேஸ்ட்டுகளை ஒரே பிரிக்ஸில் நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்ற விதியும், சாறு கெட்டியாக இருந்ததால் பேஸ்ட்டும் அதே தரத்தில் இருக்கும் என்று கருதக் கூடாது என்ற எச்சரிக்கையும் எனக்கு இங்கேதான் பிடிபட்டன.

அப்படியானால் கோல்ட் பிரேக் எதற்கு? மெலிந்திருப்பதுதான் அதன் பயன். ஹாட் பிரேக் பேஸ்ட் வணிகத்தில் பெரும்பாலும் 28–30 பிரிக்ஸில் விற்கிறது. அதற்குமேல் செறிவாக்கினால் ஆவியாக்கியில் நகரவே மறுக்கும். கோல்ட் பிரேக்கை 36–38 வரை கொண்டுபோகலாம். அனுப்பும் சரக்கில் நீர் குறைகிறது. சாறு, பானம் போன்று மணமும் நிறமும் தேவைப்பட்டு, கெட்டித்தன்மை தேவைப்படாத இடங்களுக்கு அது பொருந்தும். கெட்சப், பீட்சா சாஸ் என்றால் ஹாட் பிரேக். கெட்சப்புக்குக் கோல்ட் பிரேக் பேஸ்ட்டை எடுத்தால் 38 பிரிக்ஸ் இருக்கிறதே என்று மகிழ முடியாது. நீர்த்தபின் அது தட்டில் நீர் கசியும், ஸ்டார்ச்சோ பிசினோ சேர்த்துத் தாங்க வேண்டிவரும்.

பெயரிடும் விதியில் இந்த வேறுபாடு எதுவும் இல்லை. இந்திய விதிமுறையில் பேஸ்ட் என்றால் உப்பு நீக்கிக் கணக்கிட்ட கரைந்த திடப்பொருள் குறைந்தது 25 சதவீதம், பியூரிக்கு 9. கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரநிலையில் பேஸ்ட்டுக்கு 24. என்னுடைய மூன்று பாத்திரங்களும் 28ஐத் தொட்டதால் மூன்றும் பேஸ்ட் என்ற பெயருக்குத் தகுதியானவை. அதனால்தான் வாங்குபவர்கள் பிரிக்ஸோடு பாஸ்ட்விக் எண்ணையும் நிறத்தையும் சேர்த்துக் கேட்கிறார்கள்.

அடுத்ததாக நாட்டுத் தக்காளியில் ஹாட் பிரேக் முறையை மட்டும் செய்து, அதே வளையத்தில் வைத்து அளக்கப் போகிறேன். சதை குறைந்த பழத்தில் நொதியை உடனே நிறுத்தினாலும், நீரைப் பிடித்துவைக்கக் கரையாத நார் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.