அண்ணாச்சிக்கு எழுதிய ராயல்டி கடிதம்: மூன்று வரைவு, ஒரு வீண் பயணம்

அம்பாசமுத்திரம் கிளை அண்ணாச்சியிடமிருந்து மே, ஜூன் இரண்டு மாத ராயல்டி வரவில்லை. எங்கள் டீ, பலகாரக் கடையின் பெயரை எடுத்து நடத்துபவர்களில் அவர்தான் மூத்தவர். பணம் கேட்டாக வேண்டும், ஆளையும் இழக்கக் கூடாது.

முதல் வரைவைக் கோபத்தில் எழுதினேன். தலைப்பு ‘இறுதி எச்சரிக்கை’. பாக்கி 49,560 ரூபாய், மூன்று நாளில் வராவிட்டால் மசாலா வண்டி வராது என்று முடித்திருந்தேன். அதை அச்சடித்துக்கொண்டு பஸ் ஏறினேன். அங்கே போனால் அண்ணாச்சி தென்காசியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல், கல்லாவில் இருந்த பையனிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். உறையைக்கூட ஒட்டவில்லை. இதுதான் நான் செய்த பெரிய தவறு.

இரண்டு நாள் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் தொலைபேசியில் வந்தார். “தம்பி, என் கடன் எவ்வளவு என்று வடை போடுகிறவன் வரைக்கும் தெரிந்துவிட்டது. சரி, அதை விடுங்கள். கணக்கே தப்பு” என்றார்.

கணக்கு பார்க்கும் அக்காவிடம் ஓடினேன். அவர் பில்லிங் இயந்திரத்தின் மாத அறிக்கையை ஒரே பார்வை பார்த்துவிட்டு, “நீங்கள் எடுத்தது வரியோடு சேர்ந்த விற்பனை” என்றார். ஒப்பந்தப்படி ராயல்டி ஜிஎஸ்டி நீங்கிய விற்பனையில் 5 சதவீதம். மே விற்பனை 4,20,000, ஜூன் 3,80,000. ராயல்டி 21,000, 19,000. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 24,780, 22,420. ஆக மொத்தம் 47,200. வாடிக்கையாளரிடம் வாங்கிய வரிக்கும் சேர்த்து ராயல்டி போட்டு 2,360 ரூபாய் அதிகமாகக் கேட்டிருக்கிறேன். சரியான தொகையைக் கேட்டிருந்தால் அவர் வெட்கப்பட்டிருப்பார். தப்பான தொகையைக் கேட்டதால் நான் வெட்கப்பட்டேன்.

அக்கா இன்னொன்றும் சொன்னார். கடைக்காரர் 5 சதவீத வரியில் நடத்துவதால், நாம் போடும் 18 சதவீதத்தை அவர் எங்கும் கழித்துக்கொள்ள முடியாது, அது முழுக்க அவர் கைச்செலவு. நமக்கோ, பில் போட்ட மாதத்து வரியை அவர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கட்டியாக வேண்டும். இரண்டு மாதத்துக்கு 7,200 ரூபாய் கைப்பணம் போயிருந்தது. “மிரட்டலை எடுத்துவிட்டு இதை எழுதுங்கள்” என்றார்.

இரண்டாம் வரைவு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. ‘தங்களுக்கு வசதிப்படும்போது’ என்று எழுதியிருந்தேன். அக்கா அதை அடித்துவிட்டார். வசதிப்படும் நாள் எந்த நாட்காட்டியிலும் இல்லையாம்.

மூன்றாவதற்கு முன்னால் அண்ணாச்சியிடம் பேசினேன். முதலில் தொகைத் தவறுக்கு மன்னிப்பு. பிறகுதான் தெரிந்தது, ஜூன் முழுவதும் கடை வாசலில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்களாம். “ஆடி அமாவாசைக் கூட்டம் கழியட்டும்” என்றார். காரையாறு கோயிலுக்குப் போகிற கூட்டம் அவர் கடையைத் தாண்டித்தான் போகும், நியாயமான பேச்சுதான். ஆனால் கடிதத்தில் அமாவாசை என்று எழுதாமல் தேதி போட்டேன்:

“அண்ணாச்சி அவர்களுக்கு வணக்கம். சென்ற கடிதத்தில் தொகை தவறாக இருந்தது, அதைத் திரும்பப் பெறுகிறேன். சரியான பாக்கி 47,200 ரூபாய், கணக்கு இணைப்பில் உள்ளது. இதற்கான ஜிஎஸ்டி 7,200 ரூபாயை நான் ஏற்கெனவே கட்டிவிட்டேன். நாம் பேசியபடி மே மாதத் தொகை 24,780 ஜூலை 20க்குள்ளும், ஜூன் மாதத் தொகை 22,420 ஜூலை 31க்குள்ளும் வர வேண்டும். சாலைப் பணியை எண்ணி இம்முறை மட்டும் தாமத வட்டி கேட்கவில்லை. ஒப்பந்தத்தின் வட்டி விதி அப்படியே தொடர்கிறது. சரக்கு வழக்கம்போல் வரும்.”

ஜூலை 31 என்று வைத்ததற்குக் காரணம், ஆகஸ்ட் 7 அடுத்த ராயல்டி நாள். பாக்கி அதைத் தாண்டினால் மூன்று மாதமாகிவிடும். வட்டி பற்றிய கடைசி வாக்கியம் இல்லாவிட்டால், ஒரு முறை விட்டது வழக்கமாகிவிடும். சரக்கை நிறுத்தினால் அவர் விற்பனை குறையும், அதோடு என் 5 சதவீதமும் குறையும் என்பது முதல் வரைவின்போது தோன்றவே இல்லை.

இம்முறை கல்லாவுக்கு அனுப்பவில்லை. அவர் கைபேசிக்கும் மின்னஞ்சலுக்கும் நேரடியாக அனுப்பினேன்.

ஜூலை 19 அன்று 24,780 வந்தது. மீதி 31ஆம் தேதி இரவு பதினொரு மணிக்கு மேல் வந்தது, அதுவரை எனக்குத் தூக்கமில்லை. கூடவே ஜூலை விற்பனை அறிக்கையின் படமும் வந்தது. வரி நீங்கிய தொகையைச் சிவப்புப் பேனாவால் இரண்டு முறை சுழித்திருந்தார்.