38 மில்லி ஷாஃப்டும் நான் வெட்டிய தப்பான கீவேயும்

பிறை தொழிற்பேட்டையில் ஒரு சின்ன வொர்க்‌ஷாப்பில் லேத்தும் மில்லிங்கும் பார்க்கிறேன். போன மாதம் ஒரு பம்ப் ஷாஃப்ட் வந்தது. பழையது தேய்ந்துபோய், கப்ளிங்கை ஷாஃப்டோடு பூட்டும் கீ உட்காரும் பள்ளமான கீவே ஓரமெல்லாம் அகன்று கிடந்தது, அதே அளவில் புதிதாக ஒன்று செய்து கொடுக்க வேண்டும். கப்ளிங் உட்காரும் இடம் 38 மில்லி. கப்ளிங் புதிது, கடையிலிருந்து துளையும் கீவேயும் போட்டே வரும், நாளை வந்துவிடும் என்றார்கள். நாளை வரட்டும் என்று காத்திருந்தால் இதை எழுதும் வேலையே வந்திருக்காது.

எஸ்45சி எஃகுக் கம்பியை எடுத்து அரை நாள் கடைந்து, தாங்கி உட்காரும் இடங்களையெல்லாம் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கீவே மட்டும் பாக்கி. பழைய ஷாஃப்டின் பள்ளத்தை அளந்தால் ஒரு பக்கம் 10.6, இன்னொரு பக்கம் 11.2. அதை நம்ப முடியாது என்று சுவரில் ஒட்டியிருக்கும் டின் 6885 என்ற ஜெர்மன் தர அட்டவணையைப் பார்த்தேன். பல தடவை ஜெராக்ஸ் எடுத்த தாள், எண்ணெய்க் கறை வேறு, மேல் தலைப்பு வரி பாதி வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. ஒரு வரியில் 30 – 38, கீ 10 × 8. அடுத்த வரியில் 38 – 44, கீ 12 × 8. என் ஷாஃப்ட் 38. இரண்டு வரியிலும் இருக்கிறது!

பெரிய கீ போட்டால் பலம்தானே என்று 12ஐ எடுத்தேன். ஷாஃப்டில் ஆழம் 5, கப்ளிங்கில் 3.3 என்று போட்டிருந்தது, வெட்டி முடித்து ஆழத்தை அளந்தேன், சரியாக இருந்தது. மறுநாள் கப்ளிங் வந்தது. அதில் பள்ளம் 10 மில்லி.

எங்கள் அண்ணன், முப்பது வருடமாக மில்லிங் பார்ப்பவர், தே தாரிக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வந்து தாளைப் பார்த்தார். "தம்பி, முதல் எண்ணுக்கு மேல, இரண்டாவது எண் வரைக்கும். அதுதான் இந்தத் தாளுல கிழிஞ்சு போன வரி" என்றார். அதாவது 30 – 38 என்றால் 30ஐத் தாண்டியது முதல் 38 வரை, 38ம் இதில்தான் சேரும். அடுத்த வரி 38.01இல் இருந்துதான் தொடங்குகிறது. இதே கணக்கில் 30 மில்லி ஷாஃப்டுக்கு 8 × 7, 44க்கு 12 × 8, 50க்கு 14 × 9. எல்லைக்கோட்டில் நிற்கிற அளவு எப்போதும் முந்தைய வரிக்கு, சின்னக் கீக்குத்தான் போகும்.

என்னை மாட்டிவிட்டது இன்னொன்றும் இருக்கிறது. இந்த இரண்டு வரியிலும் கீயின் உயரம் 8தான், ஆழங்களும் அதே 5, அதே 3.3. அகலம் மட்டும்தான் மாறுகிறது. அதனால் ஆழத்தை எத்தனை தடவை அளந்தாலும் தப்பு தெரியாது. அகலம்தான் பலம் என்று நினைத்ததும் பாதிதான் சரி. கீ வெட்டுப்படாமல் தாங்க அகலம் உதவும், ஆனால் கீயின் பக்கச் சுவர் நசுங்குவதைத் தாங்குவது உயரமும் நீளமும். உயரம் அதே 8 என்றால் அந்தக் கணக்கில் ஒரு பைசா லாபமில்லை, ஷாஃப்டில் மட்டும் கூடுதலாக இரும்பு போய்விடுகிறது. படிக்கட்டு மாதிரி கீழே 12, மேலே 10 என்று கீயைக் கடைந்து போட்டுவிடலாமா என்று கேட்டேன். வாடிக்கையாளர் அடுத்த தடவை கடையில் கீ வாங்கிக்கொண்டு வந்து மாட்ட முடியாமல் நிற்பார் என்றார் அண்ணன். சரி, இன்னொரு ஷாஃப்ட். தவுக்கே ஒன்றும் சொல்லவில்லை, அதுவே போதுமாக இருந்தது.

இரண்டாவதில் அகலத்தைப் பதறாமல் பார்த்தேன். ஷாஃப்ட் பள்ளத்துக்கு வழக்கமான டாலரன்ஸ் N9. 10 மில்லிக்கு அது 9.964 முதல் 10.000 வரை, அதாவது ஒரு துளிகூட 10ஐத் தாண்டக்கூடாது. 10 மில்லி ஸ்லாட் டிரில்லை நேராக இறக்கினால் ஸ்பிண்டில் ஆட்டத்தில் 10.04 ஆகிவிடும், கீ தளர்ந்து, ஒவ்வொரு தடவை மோட்டார் கிளம்பும்போதும் டக் டக்கென்று அடித்து அடித்துப் பள்ளத்தை அகட்டும். பழைய ஷாஃப்டின் கதை அதுவாகத்தான் இருக்கும். அதனால் 8 மில்லி கட்டரால் நடுவில் ஓட்டி, பிறகு இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, கீயை மரச் சுத்தியலால் லேசாகத் தட்டினால் இறங்கும் அளவுக்கு நிறுத்தினேன்.

அப்புறம் ஆழம். இங்கேதான் இரண்டாவது தடவை கெட்டிருப்பேன். கட்டரை ஷாஃப்டின் உச்சியில் தொட வைத்து, டயலைப் பூஜ்யமாக்கி, 5.1 இறக்கினேன், ஏனென்றால் இந்த அளவுக் கீக்கு ஆழத்தில் 0.2 வரை கூடலாம், குறையக்கூடாது. பிறகு வெர்னியரின் வால் கம்பியைப் பள்ளத்தின் ஓரத்தில் வைத்து அளந்தால் 4.4 காட்டுகிறது! டயல் பொய் சொல்கிறதோ என்று இன்னும் 0.7 இறக்கக் கையை வைத்துவிட்டேன். அண்ணன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

ஷாஃப்ட் உருண்டை. நடு உச்சியிலிருந்து 5 மில்லி ஒதுங்கிப் பள்ளத்தின் ஓரத்துக்கு வந்தால் வளைவு அதற்குள் கீழே இறங்கிவிடுகிறது. ஆரம் 19, பள்ளத்தின் பாதி 5:

19 − √(19² − 5²) = 19 − 18.33 = 0.67

அந்த 0.67தான் காணாமல் போனது. அட்டவணை சொல்லும் 5 வெட்டுவதற்கு முன் இருந்த உச்சியிலிருந்து, ஆனால் வெட்டியபின் அந்த உச்சியே இல்லை, எங்கே வைத்து அளப்பது? அதனால் எதிர்ப்பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். 38 − 5 = 33, கீழ்ப்பக்கத்திலிருந்து பள்ளத்தின் தரை வரை 32.8 முதல் 33 வரை இருந்தால் சரி. மைக்ரோமீட்டரின் முனை 10 மில்லி பள்ளத்துக்குள் வசதியாக நுழைகிறது. 32.9 காட்டியது.

நான் அந்த 0.7ஐயும் இறக்கியிருந்தால் கீ ஷாஃப்டுக்கு மேல் 2.9 நிற்பதற்குப் பதிலாக 2.2தான் நின்றிருக்கும், கப்ளிங் பிடித்துக்கொள்ள அவ்வளவு குறைவு.

கப்ளிங்கின் துளையையும் அப்படியே எதிர்ப்பக்கத்திலிருந்து அளந்தேன், 38 + 3.3 = 41.3 வர வேண்டும், 41.4 இருந்தது. கீயின் தலை 32.9 + 8 = 40.9இல் நிற்கிறது, ஆக மேலே 0.5 இடைவெளி. இது வேண்டுமென்றே விடுவது. இந்த வகைக் கீ பக்கச் சுவரால்தான் தள்ளுகிறது, தலை முட்டினால் கப்ளிங் ஒரு பக்கமாகத் தூக்கி உட்கார்ந்து ஆட ஆரம்பிக்கும். மாட்டியபின் முன்பக்கத்திலிருந்து ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்தேன், அரை மில்லித் தகடு தடையில்லாமல் போனது.

12 மில்லி பள்ளம் போட்ட முதல் ஷாஃப்டைத் துண்டு துண்டாக அறுத்து, புதுக் கட்டர் வந்தால் எவ்வளவு அகலம் வெட்டுகிறது என்று சோதிக்க வைத்திருக்கிறோம். சுவர்த் தாளில் இரண்டு எண்களின் மேலும் மார்க்கரால் ‘மேல்’, ‘வரை’ என்று எழுதியிருக்கிறேன். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, என் எழுத்து அந்த ஜெராக்ஸைவிட மோசம் என்றார்.