முடிந்த சீனிலிருந்து ஷாட் லிஸ்ட்: செய்முறைத் தேர்வுக்கு நான் தயாரான விதம்

இயக்கப் படிப்பின் செய்முறைத் தேர்வில், எழுதி முடித்த ஒரு சீனைக் கையில் கொடுத்து, அதை எந்தெந்த ஷாட்டாக எடுப்பது என்று வரிசையாக எழுதும் ஷாட் லிஸ்ட் போடச் சொல்வார்கள். அதன் பிறகு வாய்மொழியாகக் கேள்வி வரும். பெரும்பாலானோர் பேப்பரை வாங்கியதுமே ‘ஷாட் 1, வைட்’ என்று எழுத ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்த முதல் வரி அநேகமாகச் சரியாகவே இருக்கும். நாலாவது ஷாட்டில்தான் ஏன் இந்த சைஸ், ஏன் இந்த ஆங்கிள் என்று கேட்டால் பதில் இருக்காது. அதனால் எனக்கு வந்த சீனையே எடுத்துச் சொல்கிறேன்.

சீன் ஒன்றேகால் பக்கம். இரவு, வீட்டுக் கூடம். தங்கை மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், அவள் கைக்கடியில் ஒரு கவர். அண்ணன் உள்ளே வருகிறான், ஷூவைக் கழற்றுகிறான், மேஜையருகே வந்து “ஆபீஸ்ல லேட்டாயிடுச்சு” என்கிறான். அவள் கவரை அவன் பக்கம் தள்ளுகிறாள். வேலையிலிருந்து அவனை நீக்கிய கடிதம், தேதி போன மாதம். “எப்பண்ணா சொல்றதா இருந்தே?” அவன் பதில் சொல்லாமல் எதிரே உட்காருகிறான். அவ்வளவுதான்.

முதலில் ஷாட் எதுவும் எழுதாமல், சீன் எங்கே திரும்புகிறது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டேன். கவர் நகரும் இடம் அது. அதற்கு முன் அவன் பொய்யில் இருக்கிறான், அதற்குப் பின் இல்லை. என் லிஸ்டில் ஒரே ஒரு முகக் குளோஸப்தான், அது அவன் கவரைப் பார்க்கும் கணத்துக்கு. அவன் வாசலில் நிற்கும்போதே குளோஸப் வைத்துவிட்டால், திருப்பம் வரும்போது நெருங்கிப் போக இடமே இருக்காது. ஆகவே பெரிய முகம் எங்கே வேண்டும் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, மற்ற சைஸ்களை அங்கிருந்து பின்னோக்கி இறக்கினேன்.

அடுத்த கேள்வி, கவரை யார் முதலில் பார்க்கிறார்கள்? ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே கவர் இருக்கிறது. ஆனால் அதைப் பார்வையாளருக்கு எப்போது காட்டுவது என்பது ஷாட் லிஸ்ட் எடுக்கிற முடிவு. அவன் வருவதற்கு முன்பே கவரை மட்டும் நெருக்கத்தில் காட்டும் இன்சர்ட் வைத்தால், அவன் ‘லேட்டாயிடுச்சு’ என்று சொல்லும்போதே நமக்கு ஏதோ உறுத்தும். தள்ளும்போதுதான் காட்டினால் அவனோடு சேர்ந்து நாமும் அதிர்வோம். இரண்டும் சரிதான். ஆனால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் மற்ற ஷாட்கள் அதற்கு ஒத்துப்போக வேண்டும். நான் முதலாவதை எடுத்தேன், இரண்டாவது ஷாட்டே இன்சர்ட்.

மொத்தம் எட்டு ஷாட் வந்தது. 1, வாசலும் மேஜையும் ஒரே பிரேமில் தெரியும் வைட், தங்கையின் கண்மட்ட உயரத்தில், அசைவில்லாமல், சீன் முழுக்க. 2, கவரும் கையும், டாப் ஆங்கிள் இன்சர்ட். 3, வாசலில் அண்ணன், மிட், அவன் மேஜைக்கு நடக்கும்போது பேன். 4, தங்கை மிட், அவன் நிற்கும் உயரத்திலிருந்து லேசான டாப் ஆங்கிள். 5, தங்கையின் தோளைத் தாண்டி அண்ணன்மேல் சஜஷன். 6, கவர் நகரும் இன்சர்ட். 7, அண்ணனின் குளோஸப், டிராலி இன். 8, அவன் உட்கார்ந்த பிறகு தங்கை மிட் குளோஸ், நேர் கண்மட்டம்.

ஆங்கிள் பற்றி நிச்சயம் கேட்பார்கள். ‘லோ ஆங்கிள் என்றால் பலம், டாப் ஆங்கிள் என்றால் பலவீனம்’ என்ற மனப்பாடப் பதில் செல்லாது. இந்த சீனில் ஒருவன் நிற்கிறான், ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். உட்கார்ந்தவளின் தோளருகே கேமரா வைத்தால், கேட்காமலே அவன் லோ ஆங்கிளில் வந்துவிடுவான். அதை நான் பயன்படுத்திக்கொண்டேன்: பொய் சொல்லும்போது உயர்ந்து தெரிகிறவன், 7-இல் அவனுடைய கண்மட்டத்துக்கே கேமரா வந்ததும் அந்த உயரத்தை இழக்கிறான். லிஸ்டில் வெறும் ‘ஐ லெவல்’ என்று எழுதாதீர்கள். யாருடைய கண்மட்டம், நிற்கும்போதா உட்காரும்போதா என்று எழுதினால்தான் ஸ்டாண்டை எவ்வளவு உயர்த்துவது என்று கேமரா உதவியாளருக்குத் தெரியும்.

மூவ்மெண்ட் குறிப்பில்தான் மதிப்பெண் அதிகம் போகிறது. ‘டிராலி இன்’ என்ற சொல் மட்டும் குறிப்பாகாது. எங்கே ஆரம்பம், எங்கே முடிவு, எதைக் கேட்டு அல்லது பார்த்துக் கிளம்புவது, என்ன வேகம் ஆகிய நான்கும் வேண்டும். என் 7-ஆம் வரி இப்படி இருந்தது: ‘மிட் குளோஸில் ஆரம்பம், குளோஸப்பில் முடிவு. “எப்பண்ணா சொல்றதா இருந்தே” முடிந்த பிறகு கிளம்பு. மிக மெதுவாக. அவன் கண்ணை எடுக்கும்முன் நின்றுவிடு.’ இதைப் படித்தால் டிராலி தள்ளுபவருக்கும் ஃபோகஸ் பிடிப்பவருக்கும் ஒரே படம் மனதில் வரும். 3-இல் பேன் எழுதியதற்கு அவன் நடக்கிறான் என்பதுதான் காரணம். நடிகர் அசையாத இடத்தில் கேமராவை அசைத்தால், ஏன் என்று ஒரு வரி பதில் தயாராக இருக்க வேண்டும். 7-க்கு என் பதில்: அசைவது அவன் மனம்.

அப்புறம் ஒரு சரிபார்ப்பு. ஸ்கிரிப்ட் பக்கத்தின்மேலேயே ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு செங்குத்துக் கோடு, அது தொடங்கும் வரியிலிருந்து முடியும் வரி வரை. ஏதாவது ஒரு வசனத்தின்மேல் வைடின் கோடு மட்டும் ஓடினால், எடிட்டருக்கு அங்கே வேறு வழி இல்லை என்று பொருள். என் முதல் கோடுகளில் 5, ‘லேட்டாயிடுச்சு’ என்ற சொல்லோடு நின்றது. அதைக் கவர் நகர்ந்து முடியும்வரை நீட்டினேன். இப்போது அவன் பார்வை கீழே இறங்குவது சஜஷனிலும் கிடைக்கும், 6-இலிருந்து எந்த இடத்திலும் வெட்டிக்கொள்ளலாம். இருவருக்கும் நடுவில் ஓடும் கற்பனைக் கோட்டின் ஒரே பக்கத்தில் 4, 5, 7, 8 நான்கும் இருக்கின்றனவா என்பதையும் ஒரு சின்ன தரைப்படம் வரைந்து பார்த்துவிடுங்கள். கோடு தாண்டினால் எதிரெதிரே இருப்பவர்கள் ஒரே திசையைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

கதை வரிசை முடிந்ததும் படப்பிடிப்பு வரிசையைத் தனியாக எழுத வேண்டும். எட்டு ஷாட்டுக்கு லைட் மாற்றுவது நான்கு முறைதான்: முதலில் 1, பிறகு அண்ணன் பக்கம் பார்க்கும் 3, 5, 7, பிறகு தங்கை பக்கம் 4, 8, கடைசியில் டாப் ஆங்கிள் 2, 6. டிராலி தடம் போட நேரம் ஆகும், அதனால் 7 அந்தக் கூட்டத்தில் கடைசி. இன்சர்ட்களுக்கு அண்ணன் தேவையில்லை, அவரை அனுப்பிவிடலாம். ஆனால் கவர் மேஜையில் எந்தக் கோணத்தில் கிடந்தது, தங்கையின் எந்தக் கை மேலே இருந்தது என்பதை 1 எடுத்ததுமே குறித்து வைக்காவிட்டால் இன்சர்ட் பொருந்தாது.

நேரம் குறைந்தால் எதை விடுவாய் என்று கேட்டார்கள். 4 என்றேன். அந்த இடத்தில் தங்கை செய்வது வைடிலேயே தெரிகிறது, அவள் முகம் 8-இல் வருகிறது. லிஸ்டிலும் 4-க்கு எதிரே அடைப்புக்குறிக்குள் ‘விடலாம்’ என்று எழுதியிருந்தேன்.